இசட்-ஸ்கோர் பூஜ்யத்துக்குத் திரும்பியும் நஷ்டம்: பேர் டிரேடிங்கில் என்ட்ரி, எக்ஸிட் அளவுகளை எப்படி வைப்பது?

செந்தில்_கோவை

வணக்கம். எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி இரண்டையும் ஜோடியாக வைத்து பேப்பர் டிரேடிங் செய்துவருகிறேன். என் முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டின் தினசரி முடிவு விலைக்கும் லாக் எடுக்கிறேன். கடைசி 60 நாட்களுக்கு ரிக்ரஷன் ஓட்டி பீட்டாவை எடுத்து ஸ்ப்ரெட் கணக்கிடுகிறேன். இதை தினமும் புதிதாகச் செய்கிறேன். அந்த ஸ்ப்ரெட்டின் 20 நாள் சராசரி, 20 நாள் சிக்மா வைத்து இசட்-ஸ்கோர். +2 தாண்டினால் ஸ்ப்ரெட்டை விற்பேன், -2 தாண்டினால் வாங்குவேன், பூஜ்யம் வந்தால் வெளியே வருவேன்.

ரெசிட்யூவலில் ஏ.டி.எஃப். டெஸ்ட்டும் செய்தேன். ஒரு வருடத் துண்டில் டி-மதிப்பு -3.1 வந்தது, பி-வேல்யூ 0.05-க்குக் கீழே. சரி, கோஇன்டெக்ரேட் ஆன ஜோடிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

குழப்பம் இதுதான். இசட் 2.3-இல் நுழைந்து, பத்துப் பதினைந்து நாளில் பூஜ்யம் வந்து வெளியேறிய டிரேடுகளில் பல நஷ்டத்தில் முடிந்திருக்கின்றன. செலவைக் கழிக்காமலே நஷ்டம். ஸ்ப்ரெட் சராசரிக்குத் திரும்பிவிட்டது என்றால் லாபம் வந்திருக்க வேண்டுமே? என்ட்ரியை 2.5 ஆக்கினால் சரியாகுமா?

வாசு_திருச்சி

2.5 ஆக்குங்கள் தம்பி, நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். 2 என்பது பேப்பரில் அழகாக இருக்கும், நிஜத்தில் செலவு தின்றுவிடும். ஒரு ஜோடி டிரேடுக்கு நான்கு ஆர்டர். விற்கும் பக்கம் எஸ்.டி.டி. இருக்கிறது. 2024 அக்டோபரில் ஃப்யூச்சர்ஸுக்கு 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆக உயர்த்தினார்கள். இன்றைய விகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி, ஒவ்வொரு ஆர்டரிலும் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் நடுவில் போகிற பைசா. எல்லாம் சேர்த்து ஒரு காலின், அதாவது ஜோடியில் ஒரு பக்கத்துப் பொசிஷனின், மதிப்பில் கால் சதவீதம் வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்ட் பக்கம் பிரச்சினை இல்லை. ஏ.டி.எஃப். 5 சதவீத எல்லை -2.86. உங்களுக்கு -3.1. பாஸ். இரண்டும் தனியார் வங்கி, ஒன்றாகத்தான் ஏறி இறங்கும்.

ஆதிரை

வாசு அண்ணா செலவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் செந்திலின் நஷ்டம் செலவுக்கு முன்னாலேயே வருகிறது. என்ட்ரியை எங்கே வைத்தாலும் இது தொடரும், ஏனென்றால் காரணம் அந்த 20 நாள் சராசரியில் இருக்கிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள் செந்தில். ஸ்ப்ரெட் பல வாரமாகப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு நாள் 6 சதவீதம் மேலே போகிறது. இசட் 2-ஐத் தாண்டுகிறது, நீங்கள் விற்கிறீர்கள். அதன்பிறகு ஸ்ப்ரெட் இறங்கவே இல்லை, 6-இலேயே நிற்கிறது. என்ன நடக்கும்? தினமும் ஒரு பழைய பூஜ்யம் 20 நாள் ஜன்னலிலிருந்து வெளியே போகிறது, ஒரு புதிய 6 உள்ளே வருகிறது. இருபதாவது நாள் சராசரியே 6. இசட் பூஜ்யம். சிஸ்டம் "திரும்பிவிட்டது" என்று சொல்லி உங்களை வெளியே அனுப்புகிறது. ஸ்ப்ரெட் ஒரு பைசா நகரவில்லை. ஸ்ப்ரெட் மெதுவாக 8 வரை ஏறி அங்கேயே நின்றிருந்தாலும் இசட் கடைசியில் பூஜ்யத்துக்கு வந்துதான் இருக்கும். நீங்கள் 2 சதவீத நஷ்டத்தில் வெளியே வந்திருப்பீர்கள்.

இசட் இரண்டு வழியில் பூஜ்யத்துக்கு வரலாம். ஸ்ப்ரெட் சராசரியை நோக்கி வரலாம், அல்லது சராசரி ஸ்ப்ரெட்டை நோக்கிப் போகலாம். முதல் வழியில் மட்டுமே பணம் வரும்.

இதோடு தினமும் பீட்டாவையும் மாற்றுகிறீர்கள். நுழைந்த அன்று 0.9 பீட்டாவுக்கு ஏற்ற அளவில் பொசிஷன் எடுத்திருப்பீர்கள். பத்து நாள் கழித்து ஸ்கிரீனில் தெரிவது 0.7 பீட்டாவில் கணக்கிட்ட ஸ்ப்ரெட். அது உங்கள் கையில் இருக்கும் பொசிஷனின் ஸ்ப்ரெட்டே கிடையாது.

ஒரு டிரேடுக்குள் நுழைந்துவிட்டால் பீட்டா, சராசரி, சிக்மா மூன்றையும் அந்த டிரேட் முடியும்வரை உறையவைத்துவிடுங்கள். உங்கள் பழைய டிரேடுகளை அப்படி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்தில் முடிந்ததாகத் தெரிந்த பல டிரேடுகள் உண்மையில் திரும்பவே இல்லை என்று தெரியவரும் என நினைக்கிறேன்.

செந்தில்_கோவை

ஓட்டிப் பார்த்தேன் அக்கா. நீங்கள் சொன்னது போலத்தான். நஷ்டமான டிரேடுகளில் ஒன்றைத் தவிர மற்ற எதிலும் உறையவைத்த இசட் பூஜ்யத்தைத் தொடவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். உறையவைத்தால் அது பழசாகிவிடாதா? உறவு மெதுவாக மாறுகிறது என்றால் மாற்றிக்கொண்டே போவதுதானே நியாயம்?

ஆதிரை

உறவு மாறுகிறது என்று நீங்களே நம்பினால், அது சராசரிக்குத் திரும்பும் என்று பந்தயம் கட்டுவதற்கு அடிப்படை என்ன? ஜன்னலைச் சின்னதாக்கினால் எந்த இரண்டு பங்கும் சராசரிக்குத் திரும்புவது போலத்தான் தெரியும்.

புதுப்பிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அடுத்த டிரேடுக்குப் புதிய கணக்கு போடலாம், நடக்கிற டிரேடுக்கு வேண்டாம். கேடெவ், கோட்ஸ்மன், ரூவென்ஹார்ஸ்ட் மூவரும் அமெரிக்கப் பங்குகளில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 12 மாதம் ஜோடியைத் தேர்ந்தெடுக்க, அடுத்த 6 மாதம் வியாபாரம் செய்ய என்று பிரித்திருந்தார்கள். எல்லோரும் சொல்கிற 2 சிக்மா என்ட்ரியும் பெரும்பாலும் அங்கிருந்து பரவியதுதான். அவர்கள் கோஇன்டெக்ரேஷன் டெஸ்ட் எதுவும் செய்யவில்லை, விலைகள் எவ்வளவு நெருக்கமாக நகர்ந்தன என்று மட்டும் பார்த்தார்கள். ஆனால் அளவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டவை, வியாபாரக் காலத்தில் மாறாதவை.

அப்புறம் அந்த -3.1. வாசு அண்ணா, இங்கே -2.86 எல்லை பொருந்தாது. அது ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு தொடருக்கான எல்லை. செந்தில் சோதித்தது ரிக்ரஷன் போட்டு எடுத்த ரெசிட்யூவல். ரிக்ரஷனின் வேலையே ரெசிட்யூவலை முடிந்த அளவு சின்னதாக, அலையாததாக ஆக்குவதுதான். அதனால் தொடர்பே இல்லாத இரண்டு விலைகளின் ரெசிட்யூவல்கூட கொஞ்சம் அடங்கியது போலத் தெரியும். அதற்காக எல்லையைக் கடுமையாக்க வேண்டும். ஒரு எக்ஸ், ஒரு ஒய், ஒரு கான்ஸ்டன்ட் இருக்கும்போது 5 சதவீத எல்லை ஏறக்குறைய -3.34. அப்படிப் பார்த்தால் -3.1 ஃபெயில்.

`adfuller`-ஐ ரெசிட்யூவலில் நேரடியாக ஓட்டினால் வரும் பி-வேல்யூ தவறான அட்டவணையிலிருந்து வருகிறது. `coint` சரியான அட்டவணையைப் பயன்படுத்துகிறது:

```python
import numpy as np
import statsmodels.api as sm
from statsmodels.tsa.stattools import coint

y, x = np.log(df["A"]), np.log(df["B"])
t, p, crit = coint(y, x, trend="c")

s = sm.OLS(y, sm.add_constant(x)).fit().resid
ds, lag = s.diff().dropna(), s.shift(1).dropna()
b = sm.OLS(ds, sm.add_constant(lag)).fit().params.iloc[1]
half_life = -np.log(2) / np.log(1 + b)
```

கடைசி வரியில் வருவது அரை-ஆயுள், அதாவது ஸ்ப்ரெட்டின் விலகல் பாதியாகக் குறைய சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்பது. என்ட்ரி, எக்ஸிட் பேசும்போது இது தேவைப்படும்.

வாசு_திருச்சி

-3.34 எனக்குப் புதுசு, சரிபார்த்துக்கொள்கிறேன். ஆனால் `coint`-இலும் ஒரு தொல்லை உண்டு மேடம். A, B இடம் மாற்றிப் போட்டால் பி-வேல்யூ மாறுகிறது. ஒரு பக்கம் 0.03, மறுபக்கம் 0.11 என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். எதை நம்புவது?

நான் நிஃப்டி வங்கி, ஐ.டி. பங்குகள் என்று இருபதை எடுத்து எல்லா ஜோடியையும் ஓட்டி, 0.05-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆதிரை

இரண்டு பக்கமும் பாஸானால் மட்டும் எடுப்பது என் பழக்கம். ஒரு பக்கம் மட்டும் பாஸாகிறது என்றால் பெரும்பாலும் எல்லைக்கோட்டு ஜோடி, அல்லது பீட்டாவில் ஏதோ விசித்திரம் இருக்கிறது.

இருபது பங்கு என்றால் 190 ஜோடி அண்ணா. எந்த ஜோடிக்கும் உறவே இல்லை என்றாலும் 5 சதவீத எல்லையில் ஒன்பது, பத்து ஜோடி பாஸாகத்தான் செய்யும். உங்கள் பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு என்றால் பெரும்பகுதி சத்தம். அதனால்தான் ஜோடியை முதலில் தொழில் காரணத்தால் தேர்ந்தெடுத்துவிட்டு, டெஸ்ட்டை அதற்குப் பிறகு வைக்கச் சொல்கிறார்கள்.

பீட்டா விசித்திரம் என்றேனே, அதற்குச் செந்திலின் ஜோடியே நல்ல உதாரணம். வருடக் கடைசி விலைகளை மட்டும் எடுத்து எச்.டி.எஃப்.சி. வங்கி விலையை ஐ.சி.ஐ.சி.ஐ. விலையால் வகுத்துப் பாருங்கள், போனஸுக்கு முந்தைய விலையில். 2020 கடைசியில் சுமார் 2.7. 2021-இல் 2.0. 2022-இல் 1.8. 2023-இல் 1.7. 2024-இல் 1.4. ஒவ்வொரு வருடமும் கீழே. இந்த விகிதம் திரும்பும் என்று வாங்கியவர் நான்கு வருடம் தவறான பக்கத்தில் நின்றிருப்பார். தினசரி ஏற்ற இறக்கம் ஒரே திசையில்தான் இருந்தது, அதனால் கோரிலேஷன் இதைக் காட்டாது.

இப்போது ரிக்ரஷன் என்ன செய்யும்? அந்த நான்கு வருடத்தில் எச்.டி.எஃப்.சி. வங்கி சுமார் 1,436-லிருந்து 1,773, ஐ.சி.ஐ.சி.ஐ. சுமார் 535-லிருந்து 1,282. லாக் கணக்கில் ஒன்று 0.21, இன்னொன்று 0.87. இரண்டு முனைகளையும் மட்டும் இணைத்தால் பீட்டா 0.24 வருகிறது. நீண்ட காலத்துக்கு ரிக்ரஷன் போட்டால் அது இந்த மாதிரிச் சின்ன பீட்டாவை நோக்கித்தான் இழுக்கும், ஏனென்றால் விலகிப்போகிற போக்கை அப்படித்தான் மறைக்க முடியும். ரெசிட்யூவல் ஓரளவு சமதளமாகவும் தெரியும், டெஸ்ட்கூடப் பாஸாகலாம். ஆனால் பொசிஷனாக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு எச்.டி.எஃப்.சி. வங்கி வாங்கி, வெறும் 24,000-க்கு ஐ.சி.ஐ.சி.ஐ. ஷார்ட். மார்க்கெட் 5 சதவீதம் விழுந்தால் உங்களை எது காப்பாற்றும்? பெயருக்குத்தான் அது ஜோடி.

ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பங்குகளுக்கு பீட்டா ஒன்றுக்கு ரொம்பத் தூரத்தில் வந்தால், பி-வேல்யூவைப் பார்க்காமலே நான் விட்டுவிடுவேன்.

இன்னொன்று செந்தில், 2025 ஆகஸ்டில் எச்.டி.எஃப்.சி. வங்கி 1:1 போனஸ் கொடுத்தது. சரிசெய்யாத டேட்டாவையும் சரிசெய்த டேட்டாவையும் கலந்துவிட்டால் ஒரே நாளில் விகிதம் பாதியாகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணிக்கம்_பழைய_டீலர்

நல்ல விவாதம். நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவன் இல்லை. ஆனால் இந்த வங்கிப் பங்குகளை நீண்ட காலமாகப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

இரண்டு விலையை ஒன்றாகக் கட்டிவைப்பது எது என்று முதலில் கேட்க வேண்டும். எச்.டி.எஃப்.சி. லிமிடெட், எச்.டி.எஃப்.சி. வங்கி என்று இரண்டு பங்கு இருந்தது நினைவிருக்கும். தாய் நிறுவனம் வங்கியில் பெரிய பங்கு வைத்திருந்தது, அதனால் அந்த ஜோடி பலருக்குப் பிடித்தது. அப்போதும் விகிதம் இஷ்டத்துக்கு அலையத்தான் செய்தது. 2022 ஏப்ரல் 4 அன்று இணைப்பு அறிவித்தார்கள். எச்.டி.எஃப்.சி. 25 பங்குக்கு வங்கிப் பங்கு 42, அதாவது ஒன்றுக்கு 1.68. அன்றிலிருந்து அந்த விகிதத்துக்கு ஒரு ஆணி கிடைத்தது. 2023 ஜூலை 1 இணைப்பு நடைமுறைக்கு வரும்வரை அந்த ஆணியைச் சுற்றியே பார்க்க முடிந்தது. அதற்கு டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை. அனுமதி கிடைக்காமல் போகுமா, எத்தனை மாதம் ஆகும், அதுவரை வட்டி எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. நானும் அதில் இருந்தேன்.

டாடா மோட்டார்ஸ் டி.வி.ஆர். பங்கும் அப்படித்தான். சாதாரணப் பங்கைவிடப் பெரிய தள்ளுபடியில் வருடக்கணக்கில் கிடந்தது. பத்து டி.வி.ஆருக்கு ஏழு சாதாரணப் பங்கு என்று 2023 ஜூலையில் அறிவித்த பிறகுதான் 0.7 என்ற ஆணி வந்தது.

எச்.டி.எஃப்.சி. வங்கியையும் ஐ.சி.ஐ.சி.ஐ.யையும் கட்டிவைக்கும் ஆணி எதுவும் கிடையாது. இரண்டு தனித்தனி நிர்வாகம், தனித்தனி டெபாசிட் கதை. ஒன்று நன்றாக நடந்து இன்னொன்று தடுமாறினால் விகிதம் நிரந்தரமாக மாறும், மாறியும்விட்டது.

யாழ்_ரவி

கொழும்புப் பங்குச் சந்தையிலிருந்து ஒரு கேள்வி. இதே இழையில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கொமர்ஷல் வங்கியின் வாக்குரிமைப் பங்கு `COMB.N0000`, வாக்குரிமை இல்லாத பங்கு `COMB.X0000`. ஒரே வங்கி, ஒரே டிவிடெண்ட். இல்லாதது எப்போதும் கொஞ்சம் மலிவு. நான் ஷார்ட் செய்வதில்லை. தள்ளுபடி அதிகமாகும்போது ஒன்றை விற்று மற்றதை வாங்குகிறேன், குறைந்ததும் திரும்ப மாறுகிறேன். எந்த அளவு தள்ளுபடியில் மாறுவது என்பதற்கும் இந்த 2 சிக்மா பொருந்துமா?

ஆதிரை

ரவி அண்ணா, உங்களுடையது செந்திலின் ஜோடியைவிட உறுதியானது, டிவிடெண்ட் ஒன்றுதான் என்பதால். பீட்டாவை மதிப்பிட வேண்டியதே இல்லை, 1 என்று வைத்துக்கொண்டு லாக் விலை வித்தியாசத்தில் சாதாரண ஏ.டி.எஃப். ஓட்டலாம். அங்கே -2.86 எல்லை சரியாகப் பொருந்தும். ஆனால் நீங்கள் எப்போதும் வங்கியில் முழுதாக இருக்கிறீர்கள், வங்கி விழுந்தால் விழுவீர்கள். மாறுவதால் கிடைக்கும் கூடுதல் பங்குகள் மட்டும்தான் இந்த முறையின் லாபம். வாக்குரிமை இல்லாத பங்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு கைமாறுகிறது என்பதையும் பாருங்கள். விற்கவும் வாங்கவும் ஒரு சதவீதம் போகிறது என்றால், அரை சதவீத சிக்மாவில் 2 சிக்மா என்பது வெறும் செலவு. உங்களுக்கு எல்லையை முதலில் முடிவு செய்வது செலவுதான்.

செந்திலுக்கு அப்படி இல்லை. இப்போது அளவுகளுக்கு வருகிறேன். கணக்கு எளிதாக இருக்க உருண்டை எண்கள் எடுக்கிறேன், எந்தப் பங்கின் எண்களும் இல்லை. பீட்டா 1, சிக்மா 3 சதவீதம், அரை-ஆயுள் 10 நாள், பயிற்சிக் காலம் ஒரு வருடம், செலவு வாசு அண்ணா சொன்ன கால் சதவீதம்.

செலவே இல்லை, சராசரியும் சிக்மாவும் துல்லியமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், அதிக லாபம் தரும் என்ட்ரி 2 சிக்மா இல்லை. ஒரு டிரேடில் கிடைக்கும் தூரத்தை, அந்த எல்லை எவ்வளவு அடிக்கடி தாண்டப்படுகிறது என்பதால் பெருக்கினால் உச்சம் 0.75 சிக்மாவில் வருகிறது. 2 சிக்மாவில் அதில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்தான் கிடைக்கும், அவ்வளவு அரிதாகவே வாய்ப்பு வரும். இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது, மெதுவாக நகரும் ஸ்ப்ரெட்டில் எண் மாறும். ஆனால் 2.5-க்குத் தள்ளுவது பாதுகாப்பு என்று நினைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது தெரிகிறது.

அப்படியானால் 0.75-இலேயே நுழையலாமா? முடியாது. காரணம் செலவு இல்லை. 0.75 சிக்மா என்பது 2.25 சதவீதம், கால் சதவீதச் செலவை அது தாங்கும். பிரச்சினை, சராசரி எங்கே என்று நமக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வருடத்தில் 250 நாள் இருக்கிறது, ஆனால் இன்றைய ஸ்ப்ரெட் நேற்றையதை ஒட்டியே இருப்பதால் அது 250 தனித்தனித் தகவல் ஆகாது. அரை-ஆயுள் 10 நாள் என்றால் ஏறக்குறைய ஒன்பது தனித்தனி அளவீடுகளுக்குச் சமம். ஆகவே நாம் கண்டுபிடித்த சராசரியே மூன்றில் ஒரு பங்கு சிக்மா அளவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறாக இருப்பது சாதாரணம். 0.75-இல் நுழைந்தவர் உண்மையில் 0.4-இல் நின்றுகொண்டிருக்கலாம்.

எக்ஸிட்டைச் சரியாகப் பூஜ்யத்தில் வைப்பதும் இதே காரணத்தால் வீண். உண்மையான சராசரி +0.3-இல் இருந்தால் மேலிருந்து வரும் ஸ்ப்ரெட் பூஜ்யத்தைத் தொட ரொம்ப நாள் எடுக்கும். கடைசி அரை சிக்மாவை விட்டுவிடுவதில் தப்பில்லை. 1.5-இல் நுழைந்து 0.5-இல் வெளியேறினால் ஒரு சிக்மா, அதாவது 3 சதவீதம், செலவு போக 2.75. விலகல் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், அதற்குச் சராசரியாக 16 வியாபார நாள். மாத ஃப்யூச்சர்ஸில் ஏறக்குறைய 20 நாள் கிடைக்கும், எக்ஸ்பைரிக்குப் பிறகு தொடங்கினால் ரோல் செய்யாமல் முடியும். அரை-ஆயுள் 25 நாள் வந்த ஜோடியில் இதையே செய்தால் ஒரு முறையாவது ரோல் செய்ய வேண்டிவரும், அங்கேதான் வாசு அண்ணாவின் செலவு கடிக்கும்.

அந்த அரை-ஆயுள் மதிப்பீடும் எப்போதும் கொஞ்சம் ஆசைகாட்டும். சின்ன டேட்டாவில் ஸ்ப்ரெட் உண்மையைவிட வேகமாகத் திரும்புவதாகவே அந்த ரிக்ரஷன் சொல்லும். 10 என்று வந்தால் மனதில் 13, 14 என்று வைத்துக்கொள்வது என் பழக்கம்.

வாசு_திருச்சி

1.5 என்ட்ரி எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சராசரியே தெரியாது என்ற கணக்கு புரிகிறது.

ஸ்டாப் லாஸ் பற்றி யாரும் பேசவில்லையே? நான் 3.5 சிக்மாவில் வைத்திருக்கிறேன்.

மாணிக்கம்_பழைய_டீலர்

2024 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 16-ஆம் தேதி எச்.டி.எஃப்.சி. வங்கி சுமார் 1,679-இல் முடிந்தது. மார்க்கெட் முடிந்தபின் காலாண்டு ரிசல்ட். மறுநாள் காலையே இடைவெளி விட்டுக் கீழே திறந்து 1,537 பக்கம் முடிந்தது. ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல். ஐ.சி.ஐ.சி.ஐ. ரிசல்ட் அதற்குப் பிறகு 20-ஆம் தேதிதான் வந்தது. எச்.டி.எஃப்.சி. வங்கியை வாங்கி ஐ.சி.ஐ.சி.ஐ.யை விற்று வைத்திருந்தவருக்கு, அப்போதைய லாட் 550 என்பதால், வாங்கிய காலில் மட்டும் ஒரு லாட்டுக்கு 78,000 ரூபாய் போனது. 3.5 சிக்மாவில் ஸ்டாப் வைத்திருந்தாலும் அந்த விலையில் வெளியேற வழியே இல்லை.

நான் ரூபாயில் எல்லை வைப்பேன். இவ்வளவு போனால் மூடிவிடு, காரணம் கேட்காதே. ஏற்கெனவே இடைவெளி விட்டு விழுந்திருந்தாலும், அடுத்து இருப்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 17-ஆம் தேதியே மூடியவர் தப்பித்தார். அடுத்த சில நாளும் அது இறங்கத்தான் செய்தது.

லாட் பற்றியும் ஒன்று. அப்போது எச்.டி.எஃப்.சி. வங்கி 550, ஐ.சி.ஐ.சி.ஐ. 700. விலை 1,679-க்கும் ஆயிரத்துக்கும் பக்கம். ஒன்றுக்கு ஒன்று போட்டால் 9.2 லட்சத்துக்கு எதிரே 7 லட்சம். பீட்டா 1 என்று எழுதிவைத்துக்கொண்டு 0.76-இல் நிற்பீர்கள். மூன்று லாட்டுக்கு நான்கு லாட் என்றால்தான் 27.7-க்கு 28 என்று சமமாகும். அவ்வளவு மார்ஜின் எத்தனை பேரிடம் இருக்கும்?

ஆதிரை

ஐயா சொன்ன 8 சதவீதத்தை என் உருண்டை எண்களில் வைத்துப் பார்த்தால், 3 சதவீத சிக்மா, 10 நாள் அரை-ஆயுள் உள்ள ஸ்ப்ரெட் ஒரு நாளில் சாதாரணமாக நகர்வது 1.1 சதவீதம்தான். இது அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். அந்த மாடலுக்குள் இப்படி ஒரு நாள் கிடையாது. அதனால் ரிசல்ட் தேதி நடுவில் வரும் டிரேடை நான் எடுப்பதே இல்லை, எடுத்திருந்தால் முந்தைய நாள் மூடிவிடுவேன். இரண்டு வங்கிகளின் தேதியையும் பார்க்க வேண்டும்.

ஆனால் விலை வைத்து ஸ்டாப் போடுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 2-இல் விற்றது நல்ல டிரேட் என்றால் 3.5-இல் அது இன்னும் நல்ல டிரேட். அங்கே மூடுகிறோம் என்றால், மாடல் உடைந்துவிட்டது என்று சொல்கிறோம். அதற்கு விலையைவிட நேரம் நல்ல சாட்சி. 6 சதவீத விலகலில் நுழைந்து மூன்று அரை-ஆயுள், அதாவது 30 நாள் கழிந்தால், மிச்சம் இருக்க வேண்டியது சராசரியாக 0.75 சதவீதம். அப்போதும் 6-இலோ அதற்கு மேலோ நிற்கிறது என்றால், மாடல் சரியாக இருந்து அப்படி நடக்க நூற்றில் நான்கு வாய்ப்புதான். அன்று நான் கேள்வி கேட்காமல் மூடுவேன்.

மாணிக்கம்_பழைய_டீலர்

முப்பது நாள் பொறுக்க மார்ஜின் வேண்டுமே அம்மா. புரோக்கர் 30 நாள் காத்திருக்க மாட்டார், அன்று மாலையே கேட்பார். ரூபாய் எல்லை மாடலுக்காக வைப்பது இல்லை, கணக்கில் இருக்கும் பணத்துக்காக வைப்பது.

ஆதிரை

அது நியாயம் ஐயா. அதற்குப் பதில் பொசிஷனைச் சின்னதாக எடுப்பேன், ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுக்கு நான்கு லாட் கணக்கு அதையும் அனுமதிக்காது. கேஷில் ஒரு கால், ஃப்யூச்சர்ஸில் ஒரு கால் என்று செய்தால் வாங்கும் பக்கத்தையாவது விகிதத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். ஷார்ட் பக்கம் ஒரு லாட்டுக்குக் கீழே போக முடியாது.

செந்தில்_கோவை

எல்லோருக்கும் நன்றி. இந்த ஜோடியை `coint`-இல் இரண்டு பக்கமும், ஒவ்வொரு 12 மாதத் துண்டிலும் ஓட்டினேன். சில துண்டுகளில் ஒரு பக்கம் பாஸ், பல துண்டுகளில் இரண்டு பக்கமும் ஃபெயில். பாஸான துண்டுகளிலும் பீட்டா ஒன்றுக்கு ஒன்று ரொம்ப மாறுகிறது. இதை நிறுத்திவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மாணிக்கம் ஐயா சொல்கிற ஆணி உள்ள ஜோடி என்று தேடினால் இணைப்பு அறிவித்தவை, ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைப் பங்கு, தாய் நிறுவனமும் அதன் துணை நிறுவனமும் என்றுதான் வருகிறது. மூன்றாவது வகையில் தாய் நிறுவனத்துக்குப் பங்கு மதிப்பில் வருடக்கணக்கில் தள்ளுபடி இருக்கிறதே, அந்தத் தள்ளுபடியையே ஸ்ப்ரெட்டாக எடுத்து அரை-ஆயுள் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

மாணிக்கம்_பழைய_டீலர்

பார்த்திருக்கிறேன் தம்பி. பல ஹோல்டிங் கம்பெனிகளில் ஃப்யூச்சர்ஸே கிடையாது, அதனால் அதை வாங்கும் பக்கத்தில் மட்டும்தான் வைக்க முடியும். தள்ளுபடி அதிகமாக இருக்கும்போது ஹோல்டிங்கை கேஷில் வாங்கித் துணை நிறுவனத்தை ஃப்யூச்சர்ஸில் விற்பது ஒன்றுதான் வழி, எதிர்த் திசையை மறந்துவிட வேண்டும். ஒரு ஜோடியின் பெயரைப் போடுங்கள், எந்தெந்த வருடம் நிறுவனக் கட்டமைப்பு மாறியது என்று எழுதுகிறேன். அந்தத் தேதிகளில் டேட்டாவை வெட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.